ஒரு விளக்கு மாட் போட்டதும் அச்சீவ்மென்ட் ஏன் நின்றுபோகிறது?

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனைக் கணினியில் ஆடுபவர்களுக்கு ஒரு விசித்திரம் தெரிந்திருக்கும். கட்டளை அடிக்கும் திரையான கன்சோலைத் திறந்து `player.additem f 100000` என்று அடித்தால் ஒரு லட்சம் தங்கக் காசு பையில் வந்து விழும். கூடவே, அந்த அளவு தங்கம் சேர்த்தவருக்கான 'கோல்டன் டச்' அச்சீவ்மென்டும் வந்துவிடும். ஆட்டம் இதைத் தடுப்பதில்லை. ஆனால் இடுப்பில் ஒரு விளக்கைத் தொங்கவிடும் மாட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். யாரையும் ஏமாற்றாத, இருட்டில் வழி காட்டுவது மட்டுமே வேலையாக உள்ள சின்ன மாட். அதைப் போட்டபின் நாற்பது மணி நேரம் நேர்மையாக ஆடினாலும் ஒரு அச்சீவ்மென்ட்கூட வராது.

ஆக, இந்தத் தடை ஏமாற்றுகிறவர்களைப் பிடிப்பதற்காக வந்தது என்று சொல்ல முடியாது. அது எதைப் பார்க்கிறது, எங்கே எழுதி வைக்கிறது என்பது புரிந்தால்தான், இழந்ததை எப்படி மீட்பது, சேவ் கோப்பைக் கெடுக்காமல் எப்படிச் செய்வது என்பதும் புரியும். எல்லா ஆட்டங்களையும் ஒரே கட்டுரையில் அலசாமல் ஸ்கைரிமையே முழுதாக எடுத்துக்கொள்கிறேன். மற்றவை வேறுபடும் இடங்களைக் கடைசியில் தொட்டுக்கொள்ளலாம்.

முதலில், தடுப்பது யார்? பலர் ஸ்டீம்தான் மாட்களைக் கண்டுபிடித்துத் தடுக்கிறது என்று நினைக்கிறார்கள். ஸ்டீமுக்கு மாட் பற்றி எதுவும் தெரியாது. ஆட்டம் தானாக `SetAchievement`, `StoreStats` என்ற இரண்டு அழைப்புகளை அனுப்பினால் ஸ்டீம் பதிவு செய்துகொள்ளும், அவ்வளவுதான். அழைப்பு வராவிட்டால் பதிவும் இல்லை. ஸ்கைரிமுக்குள் ஒரு பணி முடிகிற இடத்தில், அந்தப் பணியின் ஸ்கிரிப்ட் `Game.AddAchievement` என்று ஒரு எண்ணோடு கூப்பிடுகிறது. அந்தக் கூப்பாடு ஸ்டீமுக்குப் போவதற்கு முன் நடுவில் ஒரு வாசல் இருக்கிறது. மாட் ஓடுகிறதா என்று ஆட்டம் அங்கே கேட்டுக்கொள்கிறது. ஆமாம் என்றால் கூப்பாடு அங்கேயே விழுங்கப்படும். எச்சரிக்கையும் வராது, பிழைச் செய்தியும் வராது. அதனால்தான் பலர் பல வாரம் கழித்துத்தான் இதைக் கவனிக்கிறார்கள்.

இந்த வாசல் எப்போதும் இருந்ததில்லை. 2011இல் வந்த பழைய ஸ்கைரிமில் எத்தனை மாட் போட்டாலும் அச்சீவ்மென்ட் வந்துகொண்டிருந்தது. 2012இல் ஸ்டீம் வொர்க்‌ஷாப் மூலமாகவே அதிகாரபூர்வமாக மாட்கள் கிடைத்தபோதும் தடை இல்லை. 2016 அக்டோபரில் ஸ்பெஷல் எடிஷன் வந்தபோதுதான் தடை வந்தது. அதே வருடம் அதே நிறுவனத்தின் ஃபால்அவுட் 4இலும் வந்தது. இரண்டிலும் புதிதாக இருந்தது என்ன? மாட்கள் முதல்முறையாக எக்ஸ்பாக்ஸுக்கும் பிளேஸ்டேஷனுக்கும் போயின.

இந்த விளையாட்டுக் கருவிகளின் உலகில் அச்சீவ்மென்டின் எடை வேறு. எக்ஸ்பாக்ஸில் ஒவ்வொன்றுக்கும் கேமர்ஸ்கோர் புள்ளிகள் உண்டு. எல்லா ஆட்டங்களின் புள்ளியும் கூடி, பெயருக்குப் பக்கத்திலேயே நிற்கும். அதில் கைவைத்தவர்களின் புள்ளியை 2008இல் மைக்ரோசாஃப்ட் பூஜ்யமாக்கி, அவர்கள் கணக்கில் 'ஏமாற்றுக்காரர்' என்று எழுதியே வைத்தது. அப்படிப்பட்ட இடத்தில், ஒரே வெட்டில் எதிரி சாகும் வாளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்றால் புள்ளிக்கு அர்த்தம் போய்விடும். எந்த மாட் நியாயமானது, எது இல்லை என்று ஆயிரக்கணக்கான மாட்களைத் தனித்தனியாகப் பார்க்கவும் முடியாது. மொத்தமாக மூடுவது சுலபம். மூன்று தளத்துக்கும் ஒரே மாட் அமைப்பு என்பதால் கணினிக்கும் அதே பூட்டு வந்தது என்பது என் கணிப்பு. கன்சோல் கட்டளைகள் கணினியில் மட்டும் இருப்பவை. அதனால்தானோ என்னவோ, அந்தப் பக்கம் வாசலே வைக்கவில்லை. பிற்பாடு ஸ்டார்ஃபீல்டில் அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டார்கள். அங்கே கன்சோல் கட்டளை அடித்தாலும் அச்சீவ்மென்ட் போய்விடும்.

சரி, 'மாட் ஓடுகிறதா' என்பதை ஆட்டம் எப்படித் தெரிந்துகொள்கிறது? அது பார்ப்பது ப்ளகின் கோப்புகளை, அதாவது `.esp`, `.esm`, `.esl` என்று முடிபவற்றை. ஆட்டத்தோடு வந்த `Skyrim.esm`, `Dawnguard.esm` முதலியவையும், கிரியேஷன் கிளப்பின் அதிகாரபூர்வப் பொருட்களும் கணக்கில் வராது. வேறு ப்ளகின் ஒன்று ஏறினாலும் வாசல் மூடும். இதிலிருந்தே ஒரு பயனுள்ள விதிவிலக்கு கிடைக்கிறது. பாறை, மரம், முகம் ஆகியவற்றின் படங்களை மட்டும் மாற்றும் மாட்களில் பலவற்றுக்கு ப்ளகினே கிடையாது. படக் கோப்புகளை உரிய கோப்புறையில் வைத்தால் போதும். அவற்றால் அச்சீவ்மென்டுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஆட்டம் அழகாக இருந்தால் போதும் என்பவர்கள் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அடுத்தது அடையாளம். மாட்களோடு ஆடி சேவ் செய்தால், சேவ் பட்டியலில் அந்தப் பெயரோடு `[M]` என்ற குறி ஒட்டிக்கொள்ளும். இந்தக் குறி சேவ் கோப்புக்குள் பதிவாகிறது. அந்தக் கோப்பைத் திறந்து தொடர்ந்து ஆடினால் அடுத்த சேவுக்கும், அதற்கடுத்ததற்கும் அது தொற்றிக்கொண்டே போகும். மாட்களை எல்லாம் எடுத்துவிட்டாலும் குறி போகாது. இங்கேதான் பெரும்பாலானோர் தவறான கணக்குப் போடுகிறார்கள். மாட்களை நீக்கினால் அச்சீவ்மென்ட் திரும்பிவிடும் என்று நினைத்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் மாட்களைப் பிடுங்குகிறார்கள். அச்சீவ்மென்டும் வராது, சேவும் கெடும்.

சேவ் ஏன் கெடுகிறது? ஸ்கைரிமின் சேவ் கோப்பு வெறும் புள்ளிவிவரப் பட்டியல் அல்ல. எந்தெந்த ப்ளகின்கள் ஏறியிருந்தன என்ற வரிசை, ஒவ்வொரு ப்ளகினும் உலகத்தில் செய்த மாற்றம், அந்த நொடியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டுகள் எல்லாமே அதற்குள் இருக்கும். பசி, குளிர், தூக்கம் என்று கணக்கு வைக்கும் மாட் ஒன்று, சில நொடிக்கு ஒருமுறை தன்னைத்தானே எழுப்பிக்கொள்ளும் ஸ்கிரிப்டை ஓட்டிக்கொண்டிருக்கலாம். ப்ளகினை நீக்கினாலும் அந்த ஸ்கிரிப்டின் மிச்சம் சேவுக்குள் அநாதையாக நிற்கும். வீடு கட்டித்தரும் மாட் என்றால் இன்னும் மோசம். அந்த வீடும், அதன் பெட்டிகளில் வைத்த பொருட்களும் ஒரே அடியாகக் காணாமல் போகும். அந்த வீட்டுக்குள் நின்று செய்த சேவ் திறக்காமலே போகலாம். உடனே தெரிந்தால்கூடப் பரவாயில்லை. பத்து மணி நேரம் கழித்து ஒரு பணி நகர மறுக்கும்போதுதான் பல நேரம் தெரியவரும்.

எனவே, நடு ஆட்டத்தில் மாட்களை எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால், அந்தக் கதாபாத்திரத்தை அப்படியே நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்குவதுதான் நல்லது.

இப்போது ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிலை 27, நாற்பது மணி நேரம், ஒன்பது ப்ளகின்கள். அவற்றில் ஒன்று விளக்கு, ஒன்று வீடு, ஒன்று பசி மாட். அச்சீவ்மென்ட் பட்டியல் காலியாகக் கிடக்கிறது. கணினியில், ஸ்டீம் வழியாக ஆடுகிறார். அவர் செய்ய வேண்டியது மாட்களை நீக்குவது அல்ல, அந்த வாசலைத் திறந்து வைப்பது.

எதையும் தொடும் முன் நகல். சேவ்கள் இருக்கும் இடம் இது:

```
Documents\My Games\Skyrim Special Edition\Saves
```

இங்கே `.ess` என்று முடிவது ஆட்டத்தின் சேவ். அதே பெயரில் `.skse` என்று இன்னொரு கோப்பு இருந்தால், அது மாட்களுக்குக் கூடுதல் வசதி தரும் ஸ்கிரிப்ட் எக்ஸ்டென்டர் என்ற வெளி நிரல் எழுதிய துணைக்கோப்பு. இரண்டும் சேர்ந்துதான் ஒரு சேவ். `.ess` மட்டும் நகலெடுத்து வைத்து, பிற்பாடு அதைத் திருப்பிப் போட்டு, சில மாட்களின் அமைப்புகள் மட்டும் மறந்துபோய்விட்டன என்று புலம்புவது அடிக்கடி நடப்பது. கூடவே இந்தக் கோப்பையும் நகலெடுங்கள்:

```
%LOCALAPPDATA%\Skyrim Special Edition\Plugins.txt
```

எந்த ப்ளகின்கள் எந்த வரிசையில் இருந்தன என்பது அதில் இருக்கிறது. இந்த வரிசை இல்லாத சேவ் நகல் பாதி நகல்தான். எல்லாவற்றையும் மேகச் சேமிப்போடு ஒத்திசையாத தனிக் கோப்புறையில், தேதியோடு வையுங்கள். ஒத்திசையும் கோப்புறையில் வைத்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழிந்துவிடும்.

அடுத்து ஆட்டத்தின் பதிப்பு எண். ஆட்டக் கோப்புறையில் `SkyrimSE.exe` மேல் வலது கிளிக் செய்து பண்புகளில் பார்த்தால் 1.5.97, 1.6.640, 1.6.1170 என்பதுபோல ஒன்று இருக்கும். இந்த எண்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வாசலைத் திறக்கும் மாட்கள், ஓடுகிற நிரலின் குறிப்பிட்ட ஒரு இடத்தை நினைவகத்தில் மாற்றுகின்றன. பதிப்பு மாறினால் அந்த இடமும் மாறும். அதனால் ஸ்கிரிப்ட் எக்ஸ்டென்டர் சரியாக அந்த எண்ணுக்கு உரியதாக இருக்க வேண்டும். அதன்பின் அட்ரஸ் லைப்ரரி. எந்தப் பதிப்பில் எந்த இடம் எங்கே இருக்கிறது என்ற முகவரிப் பட்டியல் அது. கடைசியாக வாசலைத் திறப்பது. இதற்கு அச்சீவ்மென்ட்ஸ் மாட்ஸ் எனேபிளர் என்ற சின்ன மாட் போதும். ஆட்டத்தின் பழைய பிழைகளையும் சேர்த்துத் திருத்த நினைத்தால் எஞ்சின் ஃபிக்ஸஸ் நல்லது. அதன் அமைப்புக் கோப்பில் `EnableAchievementsWithMods` என்றே ஒரு வரி இருக்கும். அது `true` ஆக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டில் ஒன்று போதும்.

எஞ்சின் ஃபிக்ஸஸில் பலர் வழுக்குவது ஒரே இடத்தில். அது இரண்டு பகுதியாக வரும். முதல் பகுதியை மாட் மேனேஜர் மூலம் போடலாம். இரண்டாம் பகுதியைக் கையால் எடுத்து `SkyrimSE.exe` இருக்கும் கோப்புறையிலேயே வைக்க வேண்டும். அதை மறந்துவிட்டு மாட் வேலை செய்யவில்லை என்று முழு மாட் பட்டியலையும் கலைத்தவர்கள் உண்டு.

இவை எதுவும் புது ப்ளகின் அல்ல என்பதைக் கவனியுங்கள். சேவுக்குள் இவை உலக மாற்றம் எதையும் எழுதுவதில்லை. அதனால்தான் நடு ஆட்டத்தில் இவற்றைச் சேர்ப்பது, மற்ற மாட்களைச் சேர்ப்பதையும் நீக்குவதையும்விடப் பாதுகாப்பானது.

அப்புறம் ஆட்டத்தைத் தொடங்கும் விதம். ஸ்டீமில் பச்சை பொத்தானை அழுத்தினால் ஸ்கிரிப்ட் எக்ஸ்டென்டர் ஏறாது. ஸ்டீம் திறந்திருக்க, `skse64_loader.exe` வழியாகத் தொடங்க வேண்டும். தொடங்கியதும் கன்சோலில் `getskseversion` என்று அடித்துப் பாருங்கள். பதிப்பு எண் வந்தால் சரி. கட்டளையே தெரியாது என்று சொன்னால், ஆட்டம் மொட்டையாக ஓடிக்கொண்டிருக்கிறது, வாசல் இன்னும் மூடித்தான் இருக்கிறது.

எண் வந்தாலும் நம்பிவிடாதீர்கள், சோதித்துப் பார்த்துவிடுங்கள். அதே மாட் பட்டியலோடு புதுக் கதாபாத்திரம் ஒன்றைத் தொடங்கி, ஆட்டத்தின் முதல் பணியான, ஹெல்கன் ஊரிலிருந்து தப்பிப்பதை மட்டும் முடியுங்கள். அரை மணி நேரம் கூட ஆகாது. முடிந்ததும் 'அன்பவுண்ட்' என்ற அச்சீவ்மென்ட் திரையின் மூலையில் வர வேண்டும். வந்தால் வேலை முடிந்தது. நம் ஆளுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. நாற்பது மணி நேரத்துக்கு முன் அவர் இழந்த முதல் அச்சீவ்மென்ட் இதுதான். இப்போது திரும்பக் கிடைத்துவிட்டது.

இங்கே பலரும் கவனிக்காதது ஒன்று இருக்கிறது. அச்சீவ்மென்ட் கணக்குக்குச் சொந்தம், கதாபாத்திரத்துக்கு அல்ல. எந்தக் கதாபாத்திரத்தால் கிடைத்தாலும் ஒன்றுதான். ஆகவே மீட்பு என்பது பழைய சேவிலிருந்து எல்லாவற்றையும் பிழிந்து எடுப்பதாக இருக்க வேண்டியதில்லை. பணி முடிகிற தருணத்தில் ஒரே ஒருமுறை கூப்பிடும் ஸ்கிரிப்ட் அந்த நொடியில் விழுங்கப்பட்டுவிட்டால், அதே கதாபாத்திரத்துக்கு மறுபடி கூப்பிடாது. பணி முடிவதற்கு முன் செய்த சேவ் இருந்தால், வாசலைத் திறந்தபின் அதை ஏற்றிக் கடைசிக் கட்டத்தை மட்டும் மீண்டும் ஆடலாம். இல்லாவிட்டால் புதுக் கதாபாத்திரம். நிலை 5க்கும் 10க்கும் உரியவை புது ஆளுக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும். நிலை 50 நம் ஆளுக்கு இன்னும் வராததால் அது பழைய ஆட்டத்திலேயே வரும். நூறு இடங்களைக் கண்டுபிடிப்பது, ஐம்பது பூட்டும் ஐம்பது பாக்கெட்டும் என்பது போன்ற எண்ணிக்கை வகைகளில், எண்ணிக்கை இலக்கைத் தாண்டாமல் இருக்கும் வரை பழைய கதாபாத்திரத்தில் எதுவும் இழக்கவில்லை. மீதியை ஆடினால் போதும். ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு, முடிந்துபோனவை, சேவ் இருப்பவை, இன்னும் வராதவை என்று பிரித்துப் பார்த்தால், இழப்பு நினைத்ததைவிடச் சிறியதாகத்தான் இருக்கும்.

ஸ்டீம் பதிவை வெளியிலிருந்து நேரடியாக மாற்றும் கருவிகளும் உண்டு. ஆட்டத்தையே திறக்காமல் பட்டியலில் டிக் அடிக்கலாம். மாட் தடையால் உண்மையாகவே சம்பாதித்தது பதிவாகவில்லை என்றால் அதைக் கொண்டு சரிசெய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. எல்லாமே ஒரே நாளில் ஒரே நிமிடத்தில் கிடைத்ததாகப் பட்டியல் காட்டும், அப்புறம் அதைப் பார்க்கவே பிடிக்காது. பலர் சேர்ந்து ஆடும் இணைய ஆட்டங்களில் இதைத் தொடவே தொடாதீர்கள். அங்கே கணக்குக்கே ஆபத்து வரலாம்.

திறந்த வாசல் திரும்ப மூடிக்கொள்ளும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. ஸ்டீம் ஆட்டத்தைப் புதுப்பித்தால் பதிப்பு எண் மாறும், ஸ்கிரிப்ட் எக்ஸ்டென்டர் ஓட மறுக்கும். சோர்ந்துபோய்ப் பச்சை பொத்தானை அழுத்தி ஆடத் தொடங்கினால் பழைய கதைதான். அதைவிட மோசமாக, ஸ்கிரிப்ட் எக்ஸ்டென்டரை நம்பியிருக்கும் மற்ற மாட்கள் இல்லாத நிலையில் ஒரு சேவ் எழுதப்பட்டுவிடும். ஸ்டீமில் இந்த ஆட்டத்துக்கு, தொடங்கும்போது மட்டும் புதுப்பி என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். ஏதாவது சந்தேகம் என்றால் `Documents\My Games\Skyrim Special Edition\SKSE` கோப்புறையில் உள்ள பதிவுக் கோப்புகளைத் திறந்து, எந்தத் துணை நிரல் ஏறியது, எது பதிப்பு பொருந்தாமல் நின்றது என்று பாருங்கள்.

எக்ஸ்பாக்ஸிலும் பிளேஸ்டேஷனிலும் இதில் எதுவும் முடியாது. அங்கே வெளி நிரலை ஏற்றவே வழியில்லை. மாட் இல்லாத கதாபாத்திரம் ஒன்று, மாட்களோடு இன்னொன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்வதுதான் வழி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எல்லா மாட்களையும் அணைத்து, ஆட்டத்தை முழுதாக மூடித் திறந்து, `[M]` குறி இல்லாத சேவைத்தான் ஏற்றுகிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்ற ஆட்டங்கள் இதே பிரச்சினையைக் கொஞ்சம் கொஞ்சம் வேறாகக் கையாள்கின்றன. பால்டர்ஸ் கேட் 3இல் 2024 செப்டம்பரில் அதிகாரபூர்வ மாட் மேனேஜர் வந்தது. மாட்கள் இருந்தால் அச்சீவ்மென்ட் இல்லை. ஆனால் கணினியில் அதற்கென உள்ள ஸ்கிரிப்ட் எக்ஸ்டென்டரைப் போட்டால் அது தானாகவே அச்சீவ்மென்டைத் திருப்பித் தந்துவிடும். யூரோபா யுனிவர்சாலிஸ் 4 இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறது. ஆட்ட விதிகள் அடங்கிய கோப்புறைகளிலிருந்து நான்கு எழுத்துக் கையொப்பம் ஒன்றைக் கணக்கிட்டு, தொடக்கத் திரையில் பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் காட்டும். அது மாறினால்தான் தடை. எந்தக் கோப்புறைகள் கணக்கில் வரும் என்பது ஆட்டக் கோப்புறையில் உள்ள `checksum_manifest.txt` கோப்பிலேயே எழுதியிருக்கும். இசை மாட் போட்டுவிட்டு அந்த நான்கு எழுத்து மாறவில்லை என்று கண்ணால் பார்த்துக்கொண்டால் நிம்மதியாக ஆடலாம். ஸ்டார்டியூ வேலியில் தடையே இல்லை. ஸ்டீம் வழியாகத் தொடங்கினால் மாட்களோடும் வரும்.

எனக்குப் பிடித்தது ஃபாக்டோரியோ செய்வது. மாட் போட்டால் ஸ்டீமுக்குப் போகும் அச்சீவ்மென்ட் நிற்கும், ஆனால் ஆட்டம் தனக்குள் `achievements-modded.dat` என்று இன்னொரு கணக்கைத் திறந்து, மாட்களோடு சம்பாதித்ததை அதில் எழுதிக்கொள்கிறது. மாட் இல்லாத கணக்கு `achievements.dat` கோப்பில் தனியாக இருக்கும். லூவா கட்டளை ஒன்றை கன்சோலில் அடித்தால், இதனால் அச்சீவ்மென்ட் போய்விடும், தொடர வேண்டுமானால் அதையே மறுபடி அடி என்று கேட்டுவிட்டுத்தான் ஓட்டும். ஸ்கைரிமின் வாசலிலும் அப்படி ஒரு வரி எழுதியிருந்தால் நம் ஆள் நாற்பது மணி நேரத்துக்கு முன்பே கவனித்திருப்பார்.